பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: வீட்டிலிருந்தே பேனா பேக்கிங் செய்யும் வேலை. பதிவுக் கட்டணம் 50 வெள்ளி, முதல் சம்பளத்தோடு திருப்பித் தந்துவிடுவார்களாம். மலேசியாவில் கம்பெனிகளைப் பதிவு செய்கிற எஸ்.எஸ்.எம். ஆணையத்தின் சான்றிதழ்கூட அனுப்பியிருக்கிறார்கள். நம்பலாமா?

கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், அடுத்து அவர்கள் கேட்கப்போவதைக் கட்டாதீர்கள். கட்டாயம் கேட்பார்கள்.

கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவர் நீங்கள் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும். பட்டர்வொர்த், பாகான் டாலாமில் நான் அப்படித்தான் இருந்தேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பதினொரு வருடம் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டேன். "படிக்காதவர்கள்தான் இதில் போய் விழுவார்கள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பிழை கண்டுபிடிப்பதே எனக்குத் தொழில். இருந்தும் 255 வெள்ளி கொடுத்தேன்.

எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவில்தான் அந்த விளம்பரம் வந்தது. ஒரு பெட்டியில் 500 பேனா, ஒவ்வொன்றையும் உறையில் போட்டு ஒட்டினால் பெட்டிக்கு 150 வெள்ளி. கீழே இருந்த எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு பெண் குரல் பதிவில் நல்ல தமிழில் பேசினாள். "அக்கா, இடம் கொஞ்சம்தான் இருக்கு, இன்னிக்கே பேர் குடுத்தாதான் இந்த வாரம் பொருள் வரும்." நம் மொழியில், அக்கா என்று கூப்பிட்டுப் பேசியதில்தான் என் சந்தேகம் பாதி போய்விட்டது. அடையாள அட்டையை முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பச் சொன்னாள், வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டாள். "சம்பளம் போடறதுக்கு" என்றாள். கொடுத்தேன்.

முதலில் பதிவுக்கு 50. மறுநாள், பேனாவை எடுத்துக்கொண்டு ஓடிவிடக்கூடாது என்பதற்காகப் பொருள் முன்பணம் 120. மூன்றாம் நாள் பொட்டலம் கிடங்கில் தயாராக இருக்கிறது என்று ஒரு படமும், காப்புறுதியோடு கூரியர் செலவு 85 வெள்ளி என்று ஒரு செய்தியும். மூன்றுமே "திருப்பித் தரப்படும்" காசு. 50 கட்டியவளுக்கு 120ஐ மறுப்பது கஷ்டம், மறுத்தால் அந்த 50 போய்விடுமே என்ற பயம் வரும். 170 கட்டிய பிறகு 85 அதைவிடச் சுலபமாகக் கையை விட்டுப் போகும். அவர்கள் உழைப்பது அந்த 50 வெள்ளிக்காக அல்ல. 50 கட்டுகிறவள் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் சின்னத் தொகையாகக் கேட்கிறார்கள்.

இப்போது நான் கவனிக்கத் தவறியதைச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியது அதுதான். வங்கிச் செயலியில் டூயிட்நவ் வழியாகப் பணம் அனுப்பும்போது, உறுதி செய்கிற பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் பெறுபவரின் பெயர் திரையில் வரும். நான் மூன்று முறை அனுப்பினேன், மூன்று முறையும் வேறு வேறு தனி ஆளின் பெயர் வந்தது. எனக்கு வந்த சான்றிதழிலோ வேறு ஒரு கம்பெனியின் பெயர். கேட்டதற்கு "அவங்க எங்க அக்கவுண்ட்ஸ் ஸ்டாஃப், அக்கா" என்றாள். சென்டிரியான் பெர்ஹாட் என்று பதிவான கம்பெனி வாடிக்கையாளரிடம் காசு வாங்கினால், அந்தக் கம்பெனி பெயரில் உள்ள கணக்கில்தான் வாங்கும். பணியாளின் சொந்தக் கணக்கில் வாங்கினால் அதன் கணக்குப் புத்தகமே ஒழுங்காக நிற்காது. நேர்மையான இடத்தில் இது நடக்காது.

எஸ்.எஸ்.எம். சான்றிதழ் படத்தை நம்பாதீர்கள். எஸ்.எஸ்.எம். தேடல் பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டால், அது யாருடைய எண் என்பதும் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். நான் காலம் கடந்து பார்த்தேன். எண் உண்மையானதுதான், ஆனால் அது வாகன உதிரிபாகம் விற்கும் வேறு யாரோ ஒருவரின் வணிகம். அந்தப் பாவப்பட்ட மனிதருக்குத் தன் சான்றிதழ் இப்படிச் சுற்றுவது தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். அப்படியே எண்ணும் பெயரும் பொருந்தினாலும், ஒரு வணிகம் பதிவாகியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். வேலை உண்மை என்று எஸ்.எஸ்.எம். யாருக்கும் உறுதி கொடுப்பதில்லை.

அடுத்து, போலீஸின் செமாக் மியூல். semakmule.rmp.gov.my என்ற பக்கத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன்மீது போலீஸ் புகார் இருக்கிறதா என்று காட்டும். நான் கடைசியில் மூன்று கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றின்மீது புகார்கள் இருந்தன. மற்ற இரண்டின்மீதும் எதுவும் இல்லை. அவையும் அதே கும்பல் பயன்படுத்தியவைதான், ஆனால் அதுவரை அவற்றில் ஏமாந்த யாரும் புகார் கொடுத்திருக்கவில்லை. ஆகவே புகார் இருந்தால் உடனே விலகுங்கள். புகார் இல்லை என்று வந்தால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புதுக் கணக்கு எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

வீட்டில் செய்யும் வேலை எல்லாமே பொய் என்று நான் சொல்லவில்லை, அப்படித் திரித்துக்கொண்டு யாரும் சண்டைக்கு வரவேண்டாம். என் மாமியார் வருடக்கணக்கில் தையல் கடைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தவர். கடைக்காரர் துணியைக் கொடுப்பார், எண்ணிக் குறித்துக்கொள்வார், திரும்ப வரும்போது எண்ணிக் காசு கொடுப்பார். சட்டைக்கு இத்தனை சென் என்றுதான் கூலி. அந்தக் கணக்கை வைத்து இந்தப் பேனாவைப் பாருங்கள். பெட்டிக்கு 150 என்றால் ஒரு பேனாவை உறையில் போட 30 சென். கடையில் ஒரு வெள்ளிக்கு விற்கிற பேனா அது. அதிலே தயாரிப்புச் செலவு, கடைக்காரர் லாபம், போக்குவரத்து எல்லாம் போக, உறையில் போடுவதற்கு மட்டும் 30 சென் யார் கொடுப்பார்கள்? தொழிற்சாலையில் இதே வேலையை இயந்திரம் செய்வதைத் தினமும் பார்த்தவள் நான். அன்றைக்கு இந்தக் கணக்கைப் போடவில்லை.

ஏன் போடவில்லை என்றால், எனக்குக் காசு அவ்வளவு அவசரம். இதைச் சொல்லியே ஆகவேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் பராமரிப்பு மையத்தில் கேட்ட தொகை என் அடிப்படைச் சம்பளத்தில் பாதிக்கு மேல். தொழிற்சாலை பஸ் எங்கள் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்கள். பாலம் தாண்டிப் போக விடியற்காலையில் கிளம்பவேண்டும், அந்த நேரத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ள எந்த மையமும் திறந்திருக்காது. பதினொரு வருடம் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. நேரத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டதற்கு ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். "பேராசைப்பட்டாள், ஏமாந்தாள்" என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். பிள்ளைக்குப் பால்மாவு வாங்க ஆசைப்பட்டது பேராசையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 255 போன பிறகு 300 கேட்டாள், கணக்கு எண்ணைத் தப்பாகப் பதிந்துவிட்டார்களாம், "சிஸ்டம் லாக்" ஆகிவிட்டதாம். இல்லை என்றேன், பணத்தைத் திருப்பிக் கேட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப அன்பாகப் பேசினாள். "சரி அக்கா, கம்பெனி உங்களுக்கு 2000 போடும். உங்க 255ஐயும் சிரமத்துக்கு 100ஐயும் எடுத்துக்கிட்டு, மீதி 1645ஐ நான் சொல்ற கணக்குக்கு மாத்தி விட்டுடுங்க."

பணம் திரும்பக் கிடைக்கிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நல்லவேளை, என் கொழுந்தனார் அன்று வீட்டுக்கு வந்திருந்தார், அவர் வங்கியில் வேலை செய்கிறவர். போனை வாங்கிப் படித்துவிட்டு, "அண்ணி, அந்த 2000 இன்னொருத்தர் ஏமாந்து கட்டுற காசு. அது உங்க கணக்கு வழியா போனா, அவர் குடுக்கிற புகார்ல உங்க பேர்தான் இருக்கும்" என்றார். எனக்கு முன்னால் திரையில் வந்த அந்த மூன்று பெயர்களும் அப்போதுதான் புரிந்தன. அவர்களில் சிலர் என்னைப்போலவே 50 வெள்ளியில் ஆரம்பித்தவர்களாக இருக்கலாம்.

இதைத்தான் கழுதைக் கணக்கு, மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள். 2024இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி 424ஏ முதல் 424டி வரை புதுப் பிரிவுகளைச் சேர்த்திருக்கிறார்கள். கணக்கையோ ஏ.டி.எம். அட்டையையோ அடுத்தவரிடம் கொடுப்பதும், சொந்தக் கணக்கு வழியாக இப்படிப்பட்ட பணத்தைக் கடத்துவதும் குற்றம். வழக்குவரை போகாவிட்டாலும் கணக்கை முடக்கிவிட்டால், வீட்டுக்காரர் போடுகிற செலவுக் காசைக்கூட எடுக்க முடியாமல் நிற்பீர்கள். அதனால் முன்பின் தெரியாத பணம் உங்கள் கணக்கில் வந்து விழுந்தால் அதைத் தொடாதீர்கள், யாருக்கும் மாற்றாதீர்கள், உடனே வங்கியைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பணம் அனுப்பியிருந்தால் 997. தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது. 2022 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். போலீஸும் வங்கிகளும் சேர்ந்து, பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள். மணிக்கணக்குதான் அதில் முக்கியம். உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் உடனே அழையுங்கள், பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். நான் வெட்கத்தில் இரண்டு வாரம் கழித்துத்தான் புகார் கொடுத்தேன், 255 வரவில்லை. அதற்குப் பிறகு "போன பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்தார். கட்டணம் 80 வெள்ளி, முன்பணமாக. பதில் போடாமல் தடை செய்தேன்.

அடையாள அட்டைப் படத்தை அனுப்பிவிட்டீர்கள் என்றால், அதையும் போலீஸ் புகாரில் தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு பேங்க் நெகாராவின் eCCRIS பக்கத்தில் உங்கள் பெயரில் என்ன கடன் இருக்கிறது என்று பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. நான் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கிறேன். இதுவரை என் பெயரில் இருப்பது மோட்டார் சைக்கிள் கடன் ஒன்றுதான்.

உங்களுக்கு வந்த அந்தக் கணக்கு எண்ணை இங்கே போடாதீர்கள், அவர்கள் பார்த்தால் மாற்றிவிடுவார்கள். செமாக் மியூலில் போட்டுப் பாருங்கள். டூயிட்நவ் திரையில் வருகிற பெயரையும் பாருங்கள், பார்த்துவிட்டு அனுப்பாமல் வெளியே வந்துவிடுங்கள். சான்றிதழில் இருக்கும் பெயரும் அதுவும் ஒன்றா என்று மட்டும் எனக்குப் பதில் எழுதுங்கள்.