பல் வைத்தியரின் சீவியில் எதை எழுதுவது?

"பி.டி.எஸ். முடித்து ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். வெள்ளவத்தைப் பக்கம் தனியார் கிளினிக்குகளுக்குச் சீவி அனுப்ப வேண்டும். எதையெல்லாம் போடுவது?"

பெயருக்குக் கீழேயே இலங்கை மருத்துவச் சபையின் பதிவு எண்ணைப் போடுங்கள். முதலில் தேடுவது அதைத்தான்.

அப்புறம் சிகிச்சைகள். 'வேர்க்குழாய் சிகிச்சை செய்வேன்' என்று மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது. மேல் முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய். மேல் முதல் கடைவாய்ப்பல்லிலோ மூன்று, பல வேளை நான்கு. ஆகவே பிரித்து எழுதுங்கள்: "தனியாகச் செய்தவை: முன்பல் 40, கடைவாய்ப்பல் 12. ரோட்டரி ஃபைல், அபெக்ஸ் லொக்கேட்டர், டிஜிட்டல் எக்ஸ்ரே." கருவியைச் சிகிச்சையோடு சேர்த்தால்தான் அதை உண்மையிலேயே கையாண்டவர் என்று தெரியும். கூட நின்று உதவியவற்றைத் தனி வரியில் போடுங்கள். நேர்காணலில் நான்காவது குழாயை எப்படித் தேடினீர்கள் என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நோயாளர் தொகையை மாதக் கணக்கில் ஊதிப் பெருக்க வேண்டாம். "மாலை 4 முதல் 8 வரை, சராசரி 10 பேர், பாதி நிரப்புதல், மீதி ஸ்கேலிங், பிடுங்கல்" என்றால் உங்கள் வேகம் புரியும். ஸ்கேனரைப் பயிற்சிப் பட்டறையில் மட்டும் தொட்டிருந்தால் அப்படியே சொல்லுங்கள். எக்ஸ்ரே படம் இணைத்தால் நோயாளியின் பெயரை அழித்துவிடுங்கள்.