கூட்டுத் தொழிலைக் கலைக்கும்போது: ரியலைசேஷன் கணக்கு, கேள்வி பதில்

திருப்பூர் வாசகர்: சார், நிட்டிங் யூனிட்டை மூடிட்டோம். நான், மச்சான், எங்ககிட்ட சூப்பர்வைசரா இருந்தவர்னு மூணு பார்ட்னர், லாபம் 2:2:1. என் முதல் 2 லட்சம். மிச்சமிருந்த நூலை 1.2 லட்சத்துக்கு நானே எடுத்துக்கிட்டேன். பாக்கி 80,000 எனக்கு வரணும்ல? ஆடிட்டர் நான் 38,000 கட்டணும்கிறார்!

ஆடிட்டர் சொல்வது சரிதான். உங்கள் கணக்கில் நட்டம் விடுபட்டிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கடைசி ஐந்தொகையில் மெஷின் 6,00,000, நூல் 2,00,000, வரவேண்டிய பாக்கி 1,50,000 என்று இருக்கிறது. சொத்தை விற்றுக் கடனைத் தீர்த்ததில் லாபமா நட்டமா என்று காட்டுவதுதான் ரியலைசேஷன் கணக்கு. இந்த மூன்றும் புத்தக விலையிலேயே அதன் பற்றுப் பக்கம் போகும், மொத்தம் 9,50,000. எதிரே வரவுப் பக்கம் நூல்காரர்களுக்குத் தர வேண்டிய 1,80,000, வங்கிக் கடன் 2,00,000, வராக்கடனுக்கு ஒதுக்கிய 10,000 வரும். இதுவரை புத்தகத்தில் இருந்ததை இடம் மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, உண்மையில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். மெஷின் 3,95,000-க்குத்தான் போனது. பாக்கி வசூல் 1,30,000. புத்தகத்திலேயே இல்லாத பழைய ஜெனரேட்டர் 15,000 தந்தது. நீங்கள் எடுத்த நூல் 1,20,000. இவை நான்கும் வரவு. நூல்காரர்கள் பத்தாயிரம் தள்ளி 1,70,000 வாங்கிக்கொண்டார்கள், வங்கி வட்டியோடு 2,05,000 கேட்டது, கலைப்புச் செலவு 20,000. இவை மூன்றும் பற்று.

கூட்டிப் பாருங்கள்: பற்று 13,45,000, வரவு 10,50,000. நட்டம் 2,95,000. அதை 2:2:1-ல் பிரித்தால் உங்களுக்கு 1,18,000, மச்சானுக்கு 1,18,000, சூப்பர்வைசருக்கு 59,000. உங்கள் முதல் 2,00,000-ல் நட்டம் 1,18,000, நூல் 1,20,000 இரண்டையும் கழித்தால் 38,000 குறைகிறது. நூல் உங்கள் கைக்கு வந்துவிட்டதே, அதுவும் பணம் வாங்கியதற்குச் சமம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். புத்தகத்தில் 2 லட்சம் இருந்த நூலை 1.2 லட்சத்துக்கு எடுத்தீர்கள். அந்த 80,000 நட்டத்தில் உங்கள் பங்கு 32,000. மீதி 48,000 மற்ற இருவர் தலையில். அந்த விலைக்கு மூவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? இல்லையென்றால் இப்போதே வாங்கி வையுங்கள். கலைப்பில் பின்னாளில் சண்டை வருவது பெரும்பாலும் ஒரு பார்ட்னர் எடுத்துக்கொண்ட சொத்தின் விலையில்தான்.

பி.காம். மாணவி: ஐயா, எல்லாச் சொத்தும் ரியலைசேஷனுக்குப் போகணும்னு படிச்சிருக்கேன். அவங்க ஐந்தொகையில வங்கி இருப்பு 40,000 இருக்கு, மச்சான் தொழிலுக்குக் கொடுத்த கடன் 1,00,000 இருக்கு. ரெண்டையும் ஏன் சேர்க்கலை?

பாதி சரியாகப் பிடித்திருக்கிறீர்கள் அம்மா. பணமாக மாற்ற வேண்டிய சொத்துதான் அங்கே போகும். வங்கியில் இருப்பது ஏற்கெனவே பணம்; அதில் லாப நட்டம் எதுவும் வராது. அது வங்கிக் கணக்கின் ஆரம்ப இருப்பாக நிற்கும்.

மச்சானின் கடன் பார்ட்னருடைய பணம், வெளியார் கடன் இல்லை. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு வரிசை போட்டுத் தருகிறது: முதலில் வெளியார் கடன், அடுத்து பார்ட்னர் முதலுக்கு மேல் கொடுத்த கடன், அதன் பிறகுதான் முதல். அதனால் மச்சானின் கடனைத் தனியே வைத்து, வெளியார் பாக்கி தீர்ந்த பிறகு நேராக வங்கிக் கணக்கிலிருந்து கொடுக்க வேண்டும்.

கணக்கு சரிதானா என்பதை வங்கிக் கணக்கே காட்டிவிடும். 40,000-உடன் வந்த ரொக்கம் 5,40,000 சேர்த்து, கட்டிய 3,95,000-ஐக் கழித்தால் 1,85,000. திருப்பூர்க்காரர் 38,000, சூப்பர்வைசர் தன் முதல் 50,000-ஐ மீறிய நட்டம் 9,000 கொண்டுவந்தால் 2,32,000. மச்சானுக்குச் சேர வேண்டியது கடன் 1,00,000, அவர் முதல் 2,50,000-ல் நட்டம் 1,18,000 போக மிச்சம் 1,32,000. ஒரு ரூபாய் மிஞ்சாமல் மூடுகிறது. மூடவில்லையென்றால் எங்கேயோ பிழை. பாக்கியை 1,50,000 என்று முழுதாக எழுதாமல் ஒதுக்கைக் கழித்து 1,40,000 என்று நிகரமாக எழுதி, அதே வராக்கடன் ஒதுக்கை வரவுப் பக்கமும் இன்னொரு முறை எழுதிவிடுகிறார்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

மதுரை, பாத்திரக் கடை: அண்ணே, எங்க அண்ணன் கடையை விட்டு விலகுறார். நான் தொடர்ந்து நடத்தப்போறேன். நானும் ரியலைசேஷன் கணக்குப் போடணுமா?

முதலில் ஒன்று சொல்லுங்கள்: கடையில் மொத்தம் எத்தனை பார்ட்னர்? மூன்று பேர் இருந்து, ஒருவர் விலகி மற்றவர்கள் தொடர்வதாக ஒப்பந்தப் பத்திரத்தில் இருந்தால், நிறுவனம் கலையவில்லை. மறுமதிப்பீட்டுக் கணக்குதான் போட வேண்டும். அதில் விலை ஏறிய இறங்கிய வித்தியாசம் மட்டும் வரும், சொத்து புத்தகத்திலேயே இருக்கும்.

இருவர்தான் என்றால் கதை வேறு. ஒருவரை மட்டும் வைத்துக் கூட்டாண்மை நிற்காது; அண்ணன் விலகும் நாளில் அது கலைந்துவிடும். பழைய புத்தகத்தை ரியலைசேஷன் போட்டு மூடி, நீங்கள் எடுக்கும் சரக்கையும் ஃபிட்டிங்ஸையும் ஒத்துக்கொண்ட விலையில் அதில் வரவு வைத்து, உங்கள் சொந்த வியாபாரத்துக்குப் புதுப் புத்தகம் தொடங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வரி ஆலோசகர்: திருப்பூர் கேஸில் சூப்பர்வைசர் 9,000 கொண்டுவர வழியில்லாமல் திவாலானால்? மற்ற இருவரும் சமப் பங்கு, தலா 4,500 என்பதுதான் என் கட்சி. 48-ஆம் பிரிவே முதல் குறைவையும் லாப விகிதத்தில்தான் தாங்கச் சொல்கிறது.

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் சார். 1904-இல் இங்கிலாந்தில் வந்த கார்னர் எதிர் மர்ரே தீர்ப்பை வைத்து நம் ஊரில் பலரும் வேறு மாதிரி போடுகிறார்கள். ரியலைசேஷன் நட்டத்தை அவரவர் விகிதத்தில் தாங்குவார்கள். ஆனால் திவாலானவர் விட்டுப்போன குறை, மற்றவர்களின் முதல் விகிதத்தில் போகும். இங்கே முதல் 2,50,000-க்கு 2,00,000. அப்படியானால் மச்சான் 5,000, திருப்பூர்க்காரர் 4,000.

ஓய்வுபெற்ற வரி ஆலோசகர்: ஆனால் திருப்பூர்க்காரரின் முதலே மைனஸில் நிற்கிறதே. அவரை எந்த முதலில் நிறுத்துவீர்கள்?

கலைப்புக்கு முந்தைய ஐந்தொகையில் இருந்த முதலைத்தான் எடுப்பார்கள். அவர் தன் பாக்கியைக் கட்ட வசதியுள்ளவர் என்பதால் குறையைத் தாங்குகிறவர்களில் அவரும் ஒருவர். ஆனாலும் உங்கள் வாசிப்பை நான் தள்ளிவிடவில்லை. பத்திரத்தில் இதற்கென்று ஒரு வரி இருந்தால் அதுவே நிற்கும். இல்லாதபோது இருவரும் எந்த முறைக்கு எழுத்தில் ஒத்துக்கொள்கிறார்களோ, அப்படி முடிப்பதே நல்லது.

திருப்பூர் வாசகர்: 38,000 கட்டிடறேன் சார். அதோட முடிஞ்சுதா? ஒரு டையிங் பில் இன்னும் வரலை.

முடியாது. கணக்கை மூடினாலும் பழைய கடனுக்கு மூவரும் பொறுப்புதான். அந்தப் பில் வந்தால் 2:2:1-ல் போட்டுக் கட்டுங்கள். சூப்பர்வைசர் தராவிட்டால் டையிங்காரர் முழுத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே கேட்கலாம். அதனால் தொகையைத் தோராயமாகவாவது விசாரித்து, கணக்கை முடிக்கும் முன்பே கடனாகச் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கலைத்ததற்குப் பொது அறிவிப்பு கொடுத்தீர்களா? கொடுக்கும்வரை, மச்சான் நிறுவனத்தின் பெயரில் நூல் வாங்கினால்கூட அது உங்களையும் கட்டும் என்கிறது 45-ஆம் பிரிவு. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்கு எழுதி, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் போட வேண்டும். பணம் கட்டும் அதே வாரத்தில் இதையும் செய்துவிடுங்கள்.