ஒரே அறை, ஒரே கிருமி: ஜலதோஷம் எனக்கு மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 26. சென்னையில் ஒரு மகளிர் ஹாஸ்டலில், ஆறு பேர் தங்கும் ஏசி அறையில் இருக்கிறேன். ஷிப்ட் முடிந்து வந்து படுக்க இரவு இரண்டரை மணி ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு எழுகிறேன் என்றாலும், மற்றவர்கள் ஆறரைக்கே எழுந்துவிடுவதால் நடுவில் தூக்கம் கலைந்துவிடுகிறது. ஆறு மாதமாக வேலையிலும் கடும் நெருக்கடி. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஜலதோஷம் பிடிக்கிறது. அறையில் ஒருவருக்கு வந்தால் அடுத்தது எனக்குத்தான், மற்றவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவா? சத்து மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: உண்மையிலேயே எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு நிமோனியா திரும்பத் திரும்ப வரும், காதில் சீழ் பிடிக்கும், தோலில் ஆறாத கட்டிகள் தோன்றும். ஒவ்வொரு முறையும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகச் சரியாகிவிடும் ஜலதோஷம் மட்டும் வருகிறதென்றால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை ஜலதோஷம் வருவது இயல்பு. உங்களுக்கு அதைவிட அதிகமாக வருவதற்கான காரணங்கள் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன.

மற்றவர்கள் தப்பிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கும் அதே கிருமி தொற்றியிருக்க வாய்ப்பு அதிகம். தொற்றியும் நோயாக வெளிப்படாமல் போயிருக்கலாம். இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2009-இல் அமெரிக்காவில் வெளியானது. பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த உளவியல் பேராசிரியர் ஷெல்டன் கோஹனும் அவரது குழுவினரும், ஆரோக்கியமான 153 பேரிடம் 14 நாள்கள் தொடர்ந்து, முந்தைய இரவு எவ்வளவு நேரம் தூங்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களைத் தனிமைப்படுத்தி, ஜலதோஷத்தை உண்டாக்கும் ரைனோவைரஸ் கலந்த சொட்டுமருந்தை மூக்கில் விட்டு, ஐந்து நாள்கள் கவனித்தார்கள். வெறுமனே "சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டதோடு நிற்கவில்லை. மூக்குச் சிந்திய காகிதக் கைக்குட்டைகளைச் சேகரித்து எடை போட்டுச் சளியின் அளவைக் கணக்கிட்டார்கள்; மூக்கில் சாயம் விட்டு, அது தொண்டைக்கு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து மூக்கடைப்பை அளந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி தொற்றியது. ஆனால், இந்த அளவீடுகளின்படி ஜலதோஷம் என்று சொல்லத்தக்க நிலைக்கு வந்தவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு அந்த வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். படுக்கையில் இருந்த நேரத்தில் எத்தனை சதவீதம் உண்மையில் தூங்கினார்கள் என்று பார்த்தபோது, 98 சதவீதமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிட 92 சதவீதத்துக்குக் கீழே தூங்கியவர்களுக்கு ஜலதோஷ வாய்ப்பு ஐந்தரை மடங்கு இருந்தது. எட்டு மணி நேரம் படுத்திருப்பவர் நாற்பது நிமிடம் விழித்துக் கிடந்தாலே 92-க்குக் கீழே போய்விடுவார். நீங்கள் இரண்டரையிலிருந்து எட்டு வரை, அதாவது 330 நிமிடம் படுக்கையில் இருக்கிறீர்கள். தூக்கம் பிடிக்க அரை மணி, காலைச் சத்தத்தில் கலைந்து புரள்வது அரை மணி என்று வைத்துக்கொண்டால், தூங்கியது 270 நிமிடம், அதாவது நாலரை மணி நேரம், சதவீதமோ 82. ஆக, அளவு, தரம் இரண்டிலுமே நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். 2015-இல் கோஹனும் இடம்பெற்ற குழு ஒன்று கைக்கடிகாரம் போன்ற கருவியைக் கட்டித் தூக்கத்தை நேரடியாக அளந்தபோதும், ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தது. ஆறிலிருந்து ஏழு மணி நேரம் தூங்கியவர்களிடம் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. உங்களால் எட்டு மணி நேரம் தூங்க முடியாமல் போகலாம். ஆறைத் தாண்டுவதே பெரிய முன்னேற்றம்தான். இவற்றில் யாரையும் வலிந்து தூங்கவிடாமல் செய்து பார்க்கவில்லை என்பதால், தூக்கக் குறைவு மட்டுமே காரணம் என்று இந்த ஆய்வுகளை வைத்து அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மன அழுத்தத்தைப் பொறுத்தவரை, எல்லா நெருக்கடியும் ஒன்றல்ல. கோஹன் குழுவினரின் இன்னொரு ஆய்வில், ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும் நெருக்கடிக்கும் ஜலதோஷத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் வேலைச் சிக்கல், வேலையின்மை, உறவுகளில் தீராத பிணக்கு ஆகியவையே வாய்ப்பைக் கூட்டின. அதற்கான காரணத்தையும் இதே குழுவினர் 2012-இல் விளக்கினார்கள். ஜலதோஷத்தில் நம்மைப் படுத்துவது பெரும்பாலும் வைரஸ் அல்ல. அதை எதிர்க்க உடல் தானே உண்டாக்கும் அழற்சிதான் மூக்கொழுகலாகவும் அடைப்பாகவும் தொண்டை வலியாகவும் வெளிப்படுகிறது. அந்த அழற்சி அளவு மீறாமல் அடக்கி வைப்பது கார்டிசால் என்ற ஹார்மோன். நெருக்கடி மாதக்கணக்கில் நீளும்போது, நோய் எதிர்ப்பு அணுக்கள் கார்டிசாலின் கட்டளைக்குச் சரியாகப் பணியாமல் போகின்றன. அழற்சி கட்டுப்பாடின்றி மிகுகிறது. எனவே எதிர்ப்பு சக்தியைக் "கூட்டுவதாக" விற்கப்படும் மாத்திரைகள் உங்கள் பிரச்சினையைத் தொடவே இல்லை. வைட்டமின் சி-யைத் தினமும் சாப்பிட்டாலும் ஜலதோஷம் வருவது குறைவதில்லை; வந்தது சற்று விரைவாகக் குணமாகலாம், அவ்வளவுதான்.

இனி அறை. உங்கள் சுவரில் இருப்பது சாதாரண ஸ்பிளிட் ஏசி என்றால், அது அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறதே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஜன்னலும் கதவும் சாத்திய அறையில் ஆறு பேர் விடும் மூச்சையே ஆறு பேரும் இரவெல்லாம் இழுக்கிறீர்கள். சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், ஆளுக்கு விநாடிக்கு 5 லிட்டர் வெளிக்காற்று கிடைத்த கட்டடங்களில் 5 சதவீதம் பேரும், 1 லிட்டர் மட்டுமே கிடைத்த கட்டடங்களில் 35 சதவீதம் பேரும், ஆண்டுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ ஜலதோஷம் வந்ததாகச் சொன்னார்கள்.

ஆகவே அறையிலிருந்தே தொடங்குங்கள். படுப்பதற்கு முன்னும் எழுந்த பின்னும் ஏசியை நிறுத்தி, ஜன்னலையும் எதிர்ப்புறக் கதவையும் அரை மணி நேரம் திறந்து வையுங்கள்; இரவில் ஜன்னலை ஒரு கையகலமாவது திறந்து வைத்து மின்விசிறியோடு தூங்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தித் தரும்படி ஆறு பேரும் சேர்ந்து வார்டனிடம் கேட்கலாம். அடுத்த கட்டிலில் இருப்பவருக்குச் சளி என்றால், அவர் தலை வைத்திருக்கும் பக்கம் உங்கள் கால் இருக்குமாறு திரும்பிப் படுங்கள். துண்டையும் தம்ளரையும் பகிராதீர்கள். தூக்கத்துக்கு, உங்களைப் போலவே இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் இருக்கும் அறைக்கு மாறுவதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. அது முடியாவிட்டால் காதில் பஞ்சு அடைப்பான், கண்ணுக்குத் துணிக்கட்டு, கதவிலிருந்து தள்ளிய கட்டில் ஆகியவற்றோடு, காலையில் எழும் நேரத்தை ஒன்பதரைக்குத் தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தொண்டைக் கரகரப்பில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பத்து நாளுக்குள் விட்டுவிட்டால் அது ஜலதோஷம். கண்ணும் மூக்கும் அரித்து, காலையில் அடுக்கடுக்காகத் தும்மி, தண்ணீராக ஒழுகி, வாரக்கணக்கில் நீடித்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மெத்தைத் தூசியும் கழுவாத ஏசி வடிகட்டியும் அதைக் கிளப்பும், அதற்குச் சிகிச்சையே வேறு. ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். ஆனால் குறைந்த சளி மறுபடி கூடி முகத்தில் வலி வந்தாலும், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தாலும், மூச்சு வாங்கினாலும் மருத்துவரைப் பாருங்கள். நெருக்கமாகத் தங்கியிருக்கும் உங்களுக்கோ அறைத்தோழிகளுக்கோ இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், காசநோய்க்கான சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் அது இலவசமாகவே செய்யப்படுகிறது.