சம்மதம்தானே?

எனக்கு 29 வயது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, பூவும் வைத்தாயிற்று. மண்டபத்துக்குப் பெண் வீட்டார் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். இருந்தாலும் அவள் மனசு தெரிய வேண்டுமே என்று, அவள் அண்ணனிடம் நம்பர் வாங்கி, "உங்களுக்குச் சம்மதம்தானே? இல்லைன்னா தயங்காம சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். மூன்று மணி நேரம் கழித்து, "வீட்ல சொன்னா எனக்கு ஓகே" என்று பதில். அவ்வளவுதான். என் நண்பர்கள் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. கேட்டவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா? அதற்கு முன் ஏதோ அனுப்பி அழித்திருந்தாள், அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அம்மாவோ "இதையெல்லாம் யாராவது கேட்பாங்களா" என்று திட்டுகிறார். குட் மார்னிங் அனுப்பினால் கும்பிடும் எமோஜிதான் வருகிறது. நான் கேட்டது தப்பா?
– பெயர் வேண்டாம், கோவை

தம்பி, அந்த அழிந்த மெசேஜைப் பெரிதுபடுத்தவில்லை என்கிறீர்கள். ஆனால் எனக்கு எழுதும்போது அதை விட்டுவிட உங்களால் முடியவில்லை. பயம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேட்டது நல்ல காரியம். ஆனால் "சம்மதமா" என்று கேட்கவில்லை, "சம்மதம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த "தானே" பதிலையும் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டது. கேட்ட நேரமும் அப்படி: பூ வைத்த பிறகு, அப்பா பணம் கட்டிய பிறகு, அண்ணன் கொடுத்த நம்பரில். கட்டாயப்படுத்திச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்க 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் இடம் கொடுக்கிறது. இங்கே யாரும் அவரை மிரட்டியிருக்க வேண்டியதில்லை. மண்டப ரசீது மேஜைமேல் கிடந்தாலே போதும்.

"வீட்ல சொன்னா" என்பது வீட்டாரின் பதில். அவருடைய பதில் அந்த அழிந்த வரியாக இருக்கலாம், வெறும் எழுத்துப்பிழையாகவும் இருக்கலாம். என்ன எழுதினாய் என்று துருவாதீர்கள். நன்றியையும் எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு உரியதைத்தான் கேட்டீர்கள், பரிசு எதுவும் கொடுத்துவிடவில்லை.

வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் யார் பேச்சு வாங்குவது? அதுதான் அவர் கணக்கு. அந்தச் சுமையை நீங்கள் எடுத்துக்கொண்டால்தான் "இல்லை" என்று சொல்ல அவருக்கு வழி கிடைக்கும். இன்னொரு முறை எழுதுங்கள்: "அன்னைக்கு நான் கேட்ட விதம் சரியில்லை. வேண்டாம்னாலும், யோசிக்க நாள் வேணும்னாலும் சொல்லுங்க. எனக்குத்தான் இஷ்டமில்லைன்னு நானே எங்க வீட்ல சொல்லிடறேன், உங்க பேர் வராது. எழுதத் தயக்கமா இருந்தா உங்க தோழி மூலமா சொன்னாலும் போதும்."

அனுப்புவதற்கு முன், அட்வான்ஸ் போனால் பாதியை நீங்கள் தருவீர்களா, அம்மாவின் கோபத்தைத் தாங்குவீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அனுப்ப வேண்டாம்.

பதில் வர ஒரு வாரம் ஆகலாம். அதுவரை குட் மார்னிங் வேண்டாம்.