தாய்மாமா தரும் 5 லட்சம்: நோட், சேஃப் கேள்வி-பதில்

காசிமேட்டு மீனை வீட்டுக்கே கொண்டு தரும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. தாய்மாமாவும் நான்கு நண்பர்களும் ஆளுக்கு 5 லட்சம் தருகிறார்கள். மொத்தம் 25 லட்சம் வருகிறதே, கடனாக வாங்கிப் பின்னால் பங்காக மாற்றும் கன்வெர்டிபிள் நோட் போடலாமா? (தண்டையார்பேட்டை)

கூடாது. மாதத்துக்கு நாலு பேராவது இதையே கேட்கிறீர்கள். 25 லட்சம் என்பது மொத்தக் கணக்கு இல்லை. ஒரு ஆள், ஒரே தவணையில் தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை. இப்போது 15, தீபாவளிக்கு 10 என்றாலும் செல்லாது. கம்பெனிக்கு, ஸ்டார்ட்-அப் என்று மத்திய அரசின் டிபிஐஐடி துறை தரும் அங்கீகாரமும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பணம் சட்டப்படி டெபாசிட். பாங்க் ஸ்டேட்மென்ட்டில் ஐந்து வரவும் தனித்தனியாக நிற்கும். அடுத்த ரவுண்டில் வரும் முதலீட்டாளரின் வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

'மாமா சொந்தக்காரர்தானே' என்பீர்கள். இயக்குநரின் உறவினர், இது கடன் வாங்கிய பணமில்லை என்று எழுதிக் கொடுத்துக் கடன் தரலாம், உண்மைதான். ஆனால் கம்பெனிச் சட்டத்தின் உறவினர் பட்டியலில் அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் உண்டு, தாய்மாமா கிடையாது. கல்யாணத்தில் அவருக்கு முதல் மரியாதை, இங்கே அவர் வெளியாள்.

உங்களுக்கு ஏற்றது ஐசேஃப். இப்போது பணம், அடுத்த ரவுண்டில் பங்கு என்ற அமெரிக்க சேஃப் ஒப்பந்தத்தின் இந்திய வடிவம் அது. நம் ஊரில் அது பின்னால் கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்காகத்தான் வரும், அதனால் ஆளுக்கு 5 லட்சம் வாங்கலாம். மதிப்பீட்டாளர் அறிக்கை, சிறப்புத் தீர்மானம், ஆளுக்கொரு ஆஃபர் கடிதம் எல்லாம் வேண்டும். பணம் தனி பாங்க் கணக்கில் வர வேண்டும். வந்த 60 நாளில் பங்கு ஒதுக்கி, அதிலிருந்து 15 நாளில், ஒதுக்கீட்டைப் பதிவாளருக்குச் சொல்லும் PAS-3 படிவம் போட வேண்டும். அதுவரை ஒரு ரூபாயைக்கூடத் தொடாதீர்கள். ஐஸ் பெட்டிக்கு அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம்.

சேஃப்பில் கேப், டிஸ்கவுன்ட் இரண்டும் இருந்தால் எது செல்லும்? (பெரம்பூர்)

கேப் என்பது பங்காக மாறும்போது கணக்கில் எடுக்கும் கம்பெனி மதிப்பின் உச்சவரம்பு, டிஸ்கவுன்ட் அடுத்த ரவுண்ட் விலையில் கழிவு. வழக்கமாக, முதலீட்டாளருக்கு எதில் பங்கு விலை குறைவோ அது. கேப் 4 கோடி, டிஸ்கவுன்ட் 20%, அடுத்த ரவுண்டில் கம்பெனி மதிப்பு 8 கோடி என்றால், கேப்பில் ஏறக்குறைய பாதி விலை. டிஸ்கவுன்ட்டில் ரூபாய்க்கு 80 பைசா. கேப்தான் ஓடும்.

இரண்டு பேரிடம் போஸ்ட்-மனி சேஃப் போட்டேன்: 25 லட்சம் 5 கோடி கேப்பில், 30 லட்சம் 3 கோடி கேப்பில். என் பங்கு எவ்வளவு குறையும்? (இராயபுரம்)

கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. போஸ்ட்-மனி என்றால் கேப்பில் சேஃப் பணமும் அடக்கம். அதனால் முதலாமவருக்கு 5%, அடுத்தவருக்கு 10%, உங்களிடம் 85. இரண்டாவது சேஃப் முதலாவதைக் குறைக்காது, மொத்தமும் உங்கள் பங்கிலிருந்தே போகும். அடுத்த ரவுண்டில் 20% விற்றால் உங்களுக்கு 68. புதிதாக ஊழியர் பங்கும் ஒதுக்கச் சொன்னால் இன்னும் இறங்கும்.

எல்எல்பி நோட் வெளியிடலாமா? (வியாசர்பாடி)

முடியாது. எல்எல்பி ஒரு கூட்டாண்மை, அதில் நோட் மாறுவதற்குப் பங்கே இல்லை.

அமெரிக்க சேஃப் படிவத்தை இறக்கி, பெயரை மாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டேன். பணமும் வந்து, பாதி செலவாகிவிட்டது. (திருவொற்றியூர்)

அந்தப் படிவம் அந்த ஊர்ச் சட்டத்துக்கு எழுதியது. இங்கே அது பங்கும் இல்லை, நோட்டும் இல்லை. மீதிப் பணத்தைத் தொடாமல், இந்த வாரமே கம்பெனி செக்ரட்டரி ஒருவரைப் பாருங்கள்.