ரெஸ்யூமே லிங்க் எங்கே அறுந்துபோகிறது

கேள்வி: ரெஸ்யூமேல கிட்ஹப், டெமோ லிங்க் எல்லாம் வெச்சிருக்கேன். ஏடிஎஸ் சாஃப்ட்வேர் அதைத் திறந்து பார்க்குமா? ஆள் யாராவது கிளிக் பண்ணுவாங்களா, இல்ல வேஸ்ட்டா?

ஏடிஎஸ், அதாவது கம்பெனிக்கு வரும் ரெஸ்யூமேகளை வாங்கி வகைபிரிக்கும் சாஃப்ட்வேர், பொதுவாக லிங்க்கைத் திறக்காது. ஆள் திறப்பார், ஆனால் லிங்க் அவர் கைக்கு உருப்படியாகப் போய்ச் சேர்ந்தால்தான். பெரும்பாலும் நடுவழியிலேயே அறுந்துவிடுகிறது. நான் சென்னையில் டெவலப்பராக வேலை பார்க்கிறேன், சில வருடங்களாக ஜூனியர்களை எடுக்கும் பேனலிலும் உட்காருகிறேன். ஹெச்ஆர் கிடையாது. நீங்கள் முதல் வேலை தேடுகிறீர்கள், காட்டுவதற்கு உங்களிடம் இருப்பது அந்த ப்ராஜெக்ட்டுகள்தான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எங்கள் டீமுக்கு ஒரு ஜூனியர் தேவைப்பட்டபோது கன்சல்டன்சி மூலமாகக் கொஞ்சம் ப்ரொஃபைல்கள் வந்தன. அதில் விருதுநகர் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த ஒரு பெண்ணின் ரெஸ்யூமேயும் இருந்தது. டவுன் பஸ் நேரம் பார்க்கும் ஒரு ஆப் செய்திருப்பதாக எழுதி, அதன் பக்கத்தில் "Code | Demo" என்று இரண்டு வார்த்தைகள் போட்டிருந்தார். முதல் சுற்றில் பார்த்தவர் "ப்ராஜெக்ட்டுக்கு ஆதாரம் இல்லை" என்று குறித்துவிட்டார். அவர் பார்த்த திரையில் உண்மையிலேயே ஆதாரம் இல்லைதான். அந்த இரண்டு வார்த்தைகளும் வெறும் எழுத்தாக இருந்தன, அமுக்கினால் எங்கேயும் போகவில்லை.

எனக்கு அந்த இரண்டு வார்த்தைகள் உறுத்தின. லிங்க் இல்லாமல் யாரும் "Demo" என்று தனியாக எழுதிவைக்க மாட்டார்கள். கன்சல்டன்சியைக் கூப்பிட்டு அந்தப் பெண் அனுப்பிய ஒரிஜினல் ஃபைல் வேண்டும் என்றேன். "சார், கேண்டிடேட் காண்டாக்ட் தர மாட்டோம்" என்றார் அந்தப் பையன். போன் நம்பரை மறைத்துவிட்டுக் கொடுங்கள், எனக்கு லிங்க் மட்டும் போதும் என்று சொல்லி வாங்கினேன். வந்த பிடிஎஃப்பை லினக்ஸில் இருக்கும் இரண்டு கமாண்டுகளில் போட்டுப் பார்த்தேன். வந்தது இப்படித்தான் இருந்தது (முகவரிகளை மாற்றியிருக்கிறேன்):

```
$ pdftotext -layout resume.pdf - | grep Demo
Bus Timing App    Code | Demo

$ pdfinfo -url resume.pdf
Page  Type          URL
   1  Annotation    https://github.com/username/bus-timing
   1  Annotation    https://app-name.onrender.com
```

உங்கள் கேள்விக்கான பதில் இந்த நாலைந்து வரிகளில் இருக்கிறது. பிடிஎஃப்பில் எழுத்து ஒரு இடத்திலும் லிங்க் வேறொரு இடத்திலும் இருக்கின்றன. எழுத்துத் தாளின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, அதில் "இந்தக் கட்டத்துக்குள் அமுக்கினால் இந்த முகவரிக்குப் போ" என்று எழுதிவைத்ததுபோல. முதல் கமாண்டு எழுத்தை மட்டும் எடுக்கிறது, அதற்கு "Code | Demo" தவிர ஒன்றும் தெரியாது. இரண்டாவது கமாண்டு அந்த மேல் தாளைப் படிக்கிறது, அதனால் முகவரி கிடைக்கிறது. வேர்டு ஃபைலிலும் இதே கதைதான். அங்கே முகவரி `word/_rels/document.xml.rels` என்ற தனி ஃபைலில் இருக்கும், உங்கள் வாக்கியத்துக்குள் இருக்காது.

ரெஸ்யூமேயைப் படிக்கும் சாஃப்ட்வேர் முதலில் செய்வது அந்த முதல் கமாண்டின் வேலையைத்தான். எழுத்தை உருவி, பெயர், படிப்பு, திறமை என்று கட்டங்களில் நிரப்பும். சில சாஃப்ட்வேர்கள் லிங்க் முகவரியையும் சேர்த்து எடுக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. "எங்கள் கம்பெனியில் எடுக்கிறதே" என்று சொல்ல வருபவர்கள் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் முகவரியைக் குறித்துக்கொள்வது வேறு, அந்தப் பக்கத்துக்குப் போய் உங்கள் கோடைப் படிப்பது வேறு. முன்பின் தெரியாத ஒருவர் கொடுக்கும் முகவரியை கம்பெனி சர்வர் தானாகத் திறந்தால், நாளைக்கு ஒருவர் கம்பெனியின் உள் நெட்வொர்க் முகவரியையே லிங்க்காகப் போட்டு உள்ளே கை விடப் பார்க்கலாம். எந்த செக்யூரிட்டி டீமும் இதை லேசில் அனுமதிக்காது.

இதற்கு எதிர்வாதமாக, "சுருக்க லிங்க் போட்டேன், மெயில் அனுப்பிய உடனே கிளிக் எண்ணிக்கை ஏறியது" என்று சிலர் சொல்வார்கள். ரெஸ்யூமே மெயிலில் போகும்போது, கம்பெனி வாசலில் இருக்கும் மெயில் ஸ்கேனர் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க லிங்க்கைத் திறந்து பார்ப்பது உண்டு. அந்தக் கிளிக் அதனுடையதாக இருக்கலாம். அதற்கு உங்கள் ப்ராஜெக்ட் நல்லதா கெட்டதா என்று தெரியாது, அது திறந்ததற்காக உங்களுக்கு ஒரு மார்க்கும் கூடிவிடாது. அனுப்பிய சில நொடிகளில் வரும் கிளிக்கை மனிதர் என்று நம்பிவிடாதீர்கள். அதைவிட, சுருக்க லிங்க்கையே தவிர்த்துவிடுங்கள். எங்கே போகும் என்று தெரியாத முகவரியைப் பார்த்தால் நானே திறக்க மாட்டேன்.

சரி, அந்த ரெஸ்யூமேயில் லிங்க் எப்படிப் போனது? கன்சல்டன்சிக்காரர்கள் ஒரிஜினலை அப்படியே அனுப்புவதில்லை. போன், மெயில் இரண்டையும் எடுத்துவிட்டு, மீதியைத் தங்கள் லோகோ போட்ட டெம்ப்ளேட்டில் ஒட்டுகிறார்கள். ஒட்டும்போது எழுத்து மட்டும் வந்தது, மேல் தாள் கழன்றுவிட்டது. கன்சல்டன்சி இல்லாமலும் இது நடக்கும். வேர்டில் ரெஸ்யூமேயைத் தயாரித்து, பிரிண்ட் போய் Microsoft Print to PDF கொடுத்தால் அது காகிதத்தில் அச்சடிப்பதைப் போலத்தான், லிங்க் வராது. Save As போய் பிடிஎஃப்பாகச் சேமித்தால் வரும். ஸ்கேன் செய்த ரெஸ்யூமேயில் எழுத்தே படமாகிவிடுவதால் இரண்டுமே இல்லை.

அந்தப் பெண் "Code" என்பதற்குப் பதிலாக `https://github.com/username/bus-timing` என்று முழு முகவரியையே எழுதி, அதற்கே லிங்க்கும் கொடுத்திருந்தால், எத்தனை டெம்ப்ளேட்டில் ஒட்டினாலும் எழுத்து எழுத்தாக நின்றிருக்கும். லிங்க் கழன்றாலும் குரோம், அக்ரோபாட் போன்றவை `https://` என்று தொடங்கும் எழுத்தைப் பார்த்துத் தாங்களாகவே கிளிக் செய்ய விடும். பிரிண்ட் எடுத்து வைத்திருப்பவர்கூட டைப் செய்துகொள்வார். அழகு போய்விடும், டிசைன் கெடும் என்பார்கள். கெடட்டும். ஆனால் முகவரி ஒரே வரிக்குள் அடங்க வேண்டும். இரண்டு வரியாக உடைந்தால் முதல் வரி மட்டும் லிங்க் ஆகி, திறப்பவர் தப்பான பக்கத்துக்குப் போவார். அதனால் ரெப்போவுக்குச் சின்னப் பெயராக வையுங்கள்.

அப்புறம் நான் திறந்து பார்த்த கதை. கிட்ஹப் திறந்தது, கோடு இருந்தது. டெமோவை எங்கள் ஆபீஸ் நெட்வொர்க் தடுத்துவிட்டது, இலவச ஹோஸ்டிங் முகவரிகளை எங்கள் ப்ராக்ஸி விடாது. என் சொந்த போனில் போட்டேன், வெள்ளைத் திரை. அவர் டெமோவை வைத்திருந்த ரெண்டர் என்ற ஹோஸ்டிங்கின் இலவச சர்வர் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், எழுந்திருக்க ஒரு நிமிடம்கூட ஆகும். எனக்கு அது தெரியும் என்பதால் காத்திருந்தேன், ஆப் வந்தது. வேலை நடுவில் பத்துப் பதினைந்து ரெஸ்யூமே பார்ப்பவர் காத்திருக்க மாட்டார். எனவே டெமோ லிங்க்கை மட்டும் நம்ப வேண்டாம். கிட்ஹப் ரீட்மீ ஃபைலிலேயே இரண்டு ஸ்கிரீன்ஷாட் போட்டு, "முதல் முறை திறக்க ஒரு நிமிடம் ஆகும்" என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் இன்னொன்று, ரெப்போ பிரைவேட்டாகவே இருப்பது. உங்களுக்கு அது நன்றாகத் திறக்கும், நீங்கள் லாகின் செய்திருக்கிறீர்கள். மற்றவருக்கு கிட்ஹப் "அனுமதி இல்லை" என்று சொல்லாது, 404 காட்டும். பார்ப்பவர் இப்படி ஒரு ப்ராஜெக்ட்டே இல்லை, பொய் எழுதியிருக்கிறார் என்று நினைப்பார். கிட்ஹப்பில் பெயரை மாற்றினாலும் கவனம். பழைய ரெப்போ லிங்க்குகள் புதிய இடத்துக்குத் திருப்பிவிடப்படும், பழைய ப்ரொஃபைல் பக்கம் மட்டும் 404 ஆகிவிடும். கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்தால் அது யாருக்கெல்லாம் திறக்கும் என்பதையும் பாருங்கள். பேனலில் இருப்பவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார். அனுப்பப் போகும் அதே பிடிஎஃப்பிலிருந்து ஒவ்வொரு முகவரியையும் எடுத்து இன்காக்னிடோ விண்டோவிலும், வைஃபை இல்லாமல் போனிலும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அந்தப் பெண்ணை இன்டர்வியூவுக்கு அழைத்தோம். அவருடைய கோடைத் திரையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டேன், ஒவ்வொரு ஃபங்ஷனையும் ஏன் எழுதினார் என்று சொன்னார். எடுத்துக்கொண்டோம். ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அதே ப்ரொஃபைல் ஒரு பொறியியல் கல்லூரிப் பெயரோடு வந்திருந்தால் "ஆதாரம் இல்லை" என்று எழுதும் முன் யாராவது போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். பி.எஸ்சி. என்றதும் அடுத்த ரெஸ்யூமேக்கு நகர்ந்துவிடும் பழக்கத்தை நான் பல பேனல்களில் பார்த்து, அதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன். "எல்லாரும் அப்படி இல்லை" என்பீர்கள், தெரியும். அப்படி இருப்பவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள்.

கடைசியாக விண்ணப்பப் படிவம். ஆன்லைனில் ரெஸ்யூமே ஏற்றும்போது லிங்க்ட்இன், வெப்சைட் என்று தனிப் பெட்டிகள் பெரும்பாலும் இருக்கும். கட்டாயம் இல்லை என்று போட்டிருந்தாலும் நிரப்புங்கள். ரெஸ்யூமேயிலிருந்து உருவியதை நம்புவதைவிட அந்தப் பெட்டி நம்பகமானது, பார்ப்பவரின் திரையில் அது கிளிக் செய்யக்கூடிய லிங்க்காகவே வர வாய்ப்பு அதிகம். வெப்சைட் பெட்டியில் கிட்ஹப் ப்ரொஃபைலைப் போடாமல், உங்கள் ஆகச் சிறந்த ஒரு ரெப்போவின் நேரடி முகவரியைப் போடுங்கள். ப்ரொஃபைலுக்கு வந்து தேடிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை.