750, 520, 1150: நெத்தலிப் பக்கெட்டுக்கு எந்த விலை?

"அக்கா, நாங்கள் மார்க்கெட்டிங் மூண்டாம் வருசம். குரூப் அசைன்மென்டுக்கு தலை கிள்ளின நெத்தலிக் கருவாட்டை 200 கிராம் வக்யூம் பக்கெட்டில விக்கிற மாதிரி ஒரு திட்டம் போட்டிருக்கிறம். ஒரு பக்கெட்டுக்கு கருவாடு, பேக், லேபிள், ஏத்துக்கூலி எல்லாம் சேர்த்து 400 ரூபா. மாசம் வாடகை, சம்பளம், கரண்ட் எண்டு 120,000. நான் செலவுக்கு மேல 25 வீதம் வச்சு 750 எண்டன். ஒருத்தன் மலிவாப் போட்டு ஆக்களைச் சேர்க்கிற பெனிட்ரேஷன் எண்டு 520 சொல்றான், இன்னொருத்தி முதல்ல கூட்டிப் போட்டுப் பிறகு இறக்கிற ஸ்கிம்மிங் எண்டு 1150-ல நிக்கிறாள். எது சரி எண்டு சொல்லுங்கோ."
- மாணவி, உப்புவெளி

தங்கச்சி, மூண்டுக்கும் நியாயம் சொல்லலாம், ஆனா பாதுகாப்பான விலை எண்டு நீங்கள் நினைக்கிற 750-ல தான் ஒரு ஓட்டை கிடக்கு. கடிதத்தில நீங்கள் எழுதேல்லை, ஆனா திருப்பிப் போட்டுப் பாத்தா மாசம் 600 பக்கெட் போகும் எண்டு வச்சுத்தான் கணக்குப் பாத்திருக்கிறியள். 120,000-ஐ 600-ஆல பிரிச்சா 200, பக்கெட்டுக்குரிய 400-ஐ கூட்டினா 600, அதில 25 வீதம் 150, ஆக 750. சரி, அந்த 600 பக்கெட்டை ஆர் வாங்கிறது? அதை எங்க இருந்து எடுத்தனீங்கள்?

செலவுக்கு மேல ஒரு வீதம் வச்சு விலை போடுற இந்த கொஸ்ட் பிளஸ்ஸில எல்லாரும் தடக்குப்படுற இடம் இதுதான். விலையைக் கண்டுபிடிக்க ஒரு பக்கெட்டின்ர செலவு தெரியவேணும், செலவு தெரிய எத்தினை விக்கும் எண்டு தெரியவேணும், எத்தினை விக்கும் எண்டது விலையில தங்கியிருக்கு. சுத்திச் சுத்தி ஒரே இடத்துக்குத்தான் வந்து நிக்கும். முதல் மாசம் 400 பக்கெட் தான் போகுது எண்டு வையுங்கோ, இப்ப மாசச் செலவு பக்கெட்டுக்கு 300 ஆகுது, முழுச் செலவு 700, 25 வீதம் வச்சா புது விலை 875. 750-க்கே வாங்காத சனம் 875-க்கு வாங்குமே? விற்பனை 250-க்கு இறங்கினா அதே ஃபோர்முலா 1100 போடச் சொல்லும். அப்பிடியே 800 பக்கெட் போனா 687.50-க்கு இறக்கச் சொல்லும். சாமான் விக்காத நேரம் விலையை ஏத்து எண்டும், நல்லா விக்கிற நேரம் இறக்கு எண்டும் சொல்ற கணக்கு இது, கடை வச்சிருக்கிற ஆரும் சிரிப்பினம்.

அதுக்காக கொஸ்ட் பிளஸ்ஸை தூக்கி எறியச் சொல்லேல்லை. எவ்வளவு விக்கும் எண்டு முதலே தெரிஞ்ச இடத்தில அது நல்லா வேலை செய்யும். நிலாவெளியில ஒரு ஹோட்டல் மாசம் 100 பக்கெட் தாங்கோ எண்டு எழுதித் தந்தா அங்க கொஸ்ட் பிளஸ் போடலாம். எங்கட நாட்டு எரிபொருள் விலைச் சூத்திரமும், 2018 மே மாசம் கொண்டுவந்து, இடையில விட்டு, 2022-ல திரும்பக் கொண்டுவந்தது, அடிப்படையில இந்த இனம் தான்: இறக்குமதிச் செலவு, பதப்படுத்துற செலவு, நிர்வாகச் செலவு, வரி எண்டு அடுக்கி வாற விலை. பெற்றோல் கூடினாலும் மோட்டார் சைக்கிள் வச்சிருக்கிறவர் அடிக்கத்தான் வேணும், அதால அந்தச் சுத்துப் பிரச்சினை அங்க பெரிசா கடிக்காது. உங்கட நெத்தலிக்கு அந்த வசதி இல்லை, சனம் சந்தையில அவிழ்த்து வச்சிருக்கிறதை நிறுத்து வாங்கிக்கொண்டு போகும்.

அப்ப மூண்டையும் எப்பிடி ஒப்பிடுறது? முழுச் செலவை விட்டிட்டு, ஒரு பக்கெட் விக்கேக்க 400 போக கையில எவ்வளவு மிஞ்சுது எண்டு மட்டும் பாருங்கோ, அந்த மிச்சம் தான் மாசச் செலவைக் கட்டவேணும். 1150-ல மிஞ்சுறது 750 ரூபா, 160 பக்கெட் வித்தா 120,000 வந்திடும். 750-ல மிச்சம் 350, 343 பக்கெட் வேணும். 520-ல மிச்சம் 120 தான், அதுக்கு 1000 பக்கெட் விக்கவேணும், அதுவும் நட்டம் இல்லாமல் நிக்கிறதுக்கு மட்டும். 600 பக்கெட்டில 150 படி நீங்கள் நினைச்ச 90,000 லாபம் வேணுமெண்டா ஸ்கிம்மிங்கில 280, உங்கட விலையில 600, பெனிட்ரேஷனில 1750. இப்ப "எந்த விலை சரி" எண்ட கேள்வி "இந்த மூண்டு எண்ணிக்கையில எது நடக்கக்கூடியது" எண்டு மாறியிட்டுது, இதுக்கு நீங்கள் வெளியில போய் விசாரிச்சுப் பதில் கொண்டுவரலாம்.

520 சொன்ன தம்பியின்ர கதையை முதல் எடுப்பம். அவர் முழுச் செலவு 600-க்குக் கீழ விக்கச் சொல்றார் எண்டு நீங்கள் சண்டை பிடிச்சிருப்பியள், ஆனா அது பிழையில்லை, 400-க்கு மேல இருக்கும் வரைக்கும் ஒவ்வொரு பக்கெட்டும் வாடகைக்கு ஏதோ கொஞ்சம் கட்டுது. 400-க்குக் கீழ போனாத்தான் விக்க விக்க நட்டம். பெனிட்ரேஷன் சரிவர வேற ரெண்டு விசயம் வேணும். ஒண்டு, விலை குறைஞ்சா வாங்கிற ஆக்கள் உண்மையாவே பெருகவேணும். மற்றது, கூட விக்க விக்க செலவு இறங்கவேணும். உங்கட 400-ல பெரும்பங்கு நெத்தலி தானே, 1000 பக்கெட்டுக்கு வாங்கினாலும் குச்சவெளியில மீன்காரர் உங்களுக்குப் பெரிசா குறைச்சுத் தரப்போறதில்லை, கூட வாங்க வெளிக்கிட்டா சிலநேரம் விலை ஏறும். ஃபோன் கொம்பனிக்கு இது வேற மாதிரி, டவர் போட்டாச்செண்டா இன்னொரு ஆள் கதைக்கிறதுக்கு வாற செலவு மிகக் கொஞ்சம், அதால அவையளுக்கு விலையைக் கீழ போட்டு ஆக்களைச் சேர்க்கிறது ஓடும். 2009 ஜனவரியில எயார்டெல் இங்க அஞ்சாவது கொம்பனியா மலிவு விலையோட இறங்கினதைப் பாருங்கோ. மற்றவையும் சும்மா பாத்துக்கொண்டு நிக்கேல்லை, எல்லாரும் குறைச்சினம், விலைப்போட்டி முத்தி 2010-ல தொலைத்தொடர்பு ஆணைக்குழு நிமிட விலைக்கு இதுக்குக் கீழ போகக்கூடாது எண்டு ஒரு அடிமட்டமே போட்டது. கடைசியில 2024-ல எயார்டெல் லங்கா டயலொக்கோட சேர்ந்திட்டுது. அதுக்குப் பல காரணம் இருக்கும், ஆனா மலிவு விலையை எதிராளி அண்டைக்கே கொப்பி பண்ணலாம் எண்டதை அசைன்மென்டில கட்டாயம் எழுதுங்கோ.

520-க்கு இன்னொரு ஆபத்து, இது எங்கட ஊர் ஆபத்து. மாரி தொடங்கி கடல் இரைஞ்சா, வெயிலும் இல்லாமல் மீன் காயாது, கருவாட்டு விலை ஏறும். பக்கெட்டுக்கு 100 ரூபா கூடினா எண்டு வச்சுப் பாருங்கோ. ஸ்கிம்மிங்கில மிச்சம் 650, 160-க்குப் பதிலா 185 பக்கெட் விக்கவேணும், சமாளிக்கலாம். 520-ல மிச்சம் 20 ரூபா. 6000 பக்கெட் விக்கவேணும்! திருகோணமலை முழுக்க நெத்தலி தின்னவேணும். சரி விலையை ஏத்துவம் எண்டா, சனத்தின்ர மனசில இது 520 ரூபா சாமான் எண்டு பதிஞ்சிட்டுது, 700 எண்டா ஏமாத்திறாங்கள் எண்டு சொல்லும். எப்பிடியும் பெனிட்ரேஷன் தான் எண்டு அவர் நிண்டா ஒரு வழி இருக்கு: பக்கெட்டில ஆகக்கூடிய சில்லறை விலை அடிக்கத்தானே வேணும், அதில 750 எண்டு அடிச்சிட்டு, அறிமுகச் சலுகை இத்தினையாம் திகதி வரைக்கும் 520 எண்டு வேறயா ஒட்டுங்கோ. அப்ப பிறகு ஏத்திற மாதிரித் தெரியாது, சலுகை முடிஞ்ச மாதிரித்தான் இருக்கும். 520 எண்டே அடிச்சிட்டா அந்தப் பக்கெட்டை அதுக்கு மேல விக்கவும் ஏலாது.

இனி 1150. இந்தப் பிள்ளை சொல்றதில விசயம் இருக்கு, எனக்கு மனசு கொஞ்சம் இவவின்ர பக்கம் தான். ஸ்கிம்மிங் எண்டா விலையைக் கூட்டிப் போட்டிட்டு இருக்கிறது இல்லை, முதல்ல விலையைப் பாக்காத ஆக்களிட்ட வித்து, அந்தக் கூட்டம் தீர அடுத்த கூட்டத்துக்கு இறங்கிறது. அப்பிடி ஒரு கூட்டம் இருக்கோ? இருக்கு. கனடா, லண்டன் போறவை சூட்கேஸ் மணக்காமல் கருவாடு கொண்டுபோக என்ன பாடுபடுகினம் எண்டு உங்களுக்குத் தெரியும், அவைக்கு வக்யூம் பக்கெட் எண்டது தேவையான சாமான். ஆனா 280 பேர் மாசாமாசம் வருவினமோ, வெளிநாட்டு ஆக்கள் வந்து திரும்பிற ஆவணியில வரலாம், கார்த்திகையில? அதோட உங்கட சாமானில பூட்டு ஒண்டும் இல்லை, சீல் பண்ற மிசின் ஒண்டு வாங்கினா பக்கத்து வீட்டுக்காரரும் தொடங்குவார், உங்கட 750 ரூபா மிச்சத்தைக் கண்டா கட்டாயம் தொடங்குவார். அதால இது நீண்ட ஸ்கிம்மிங் இல்லை, எதிராளி வரும் வரைக்கும் தான்.

இறங்கிற நேரமும் கவனம் வேணும். 2007 ஜூன் 29 ஐபோன் வந்தது, 8 ஜிபி 599 டொலர், செப்டம்பர் 5-ஆம் திகதியே 399 ஆக்கினாங்கள். ஜூனில லைனில நிண்டு வாங்கினவைக்கு எப்பிடி இருந்திருக்கும்? கத்தின கத்தில ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கக் கடிதம் எழுதி, அவையளுக்கு அப்பிள் கடையில செலவழிக்க 100 டொலர் கிரெடிட் குடுத்தார். ஸ்கிம்மிங்கில விலை இறங்கிறது வழமை தான், ரெண்டு மாசம் கொஞ்சத்தில அதே சாமானை 200 டொலர் இறக்கினது தான் சுட்டது. நீங்கள் அதே பக்கெட்டை இறக்காதேங்கோ. 1150-ஐ பெட்டி போட்ட பயணப் பக்கெட்டா வையுங்கோ, பெட்டிக்கு 50, 60 கூட முடிஞ்சாலும் பரவாயில்லை, ஊருக்குள்ள பெட்டி இல்லாத சாதாரணப் பக்கெட் ஒண்டை 700 மட்டில விடுங்கோ. 120 பெட்டி, பெட்டிக்கு 690 மிஞ்சினா 82,800, மிச்சம் 37,200-க்கு 300 ரூபா மிஞ்சுற சாதாரணப் பக்கெட் 124 போதும், வாடகை சம்பளம் கட்டியாச்சு. குரூப்பில ஒருத்தரும் தோத்ததாவும் இருக்காது. என்ர தெரிவு இதுதான்.

எழுத முதல் 25 வீதம் எண்ட சொல்லை ஒருக்கா பாருங்கோ. செலவில 25 வீதம் எண்டது மார்க்கப், அதே 150 ரூபா விலை 750-ல 20 வீதம், அது மார்ஜின். சுப்பர்மார்க்கெட்காரர் எப்பவும் விலையில இருந்துதான் கேப்பினம். அவையள் 20 வீதம் கேட்டா, 750 அடிச்ச பக்கெட்டுக்கு உங்கட கைக்கு வாறது 600, அதாவது உங்கட முழுச் செலவு, லாபம் ஒரு சதமும் இல்லை. கைக்கு 750 வரவேணுமெண்டு 20 வீதம் கூட்டி 900 அடிச்சாலும் காணாது, 720 தான் வரும். 750-ஐ 0.8-ஆல பிரியுங்கோ, 937.50.